வீட்டிலிருந்து மெய்ப்புப் பணி: நேரமும் ஊதியமும்



மகப்பேற்றுக்காகவோ குழந்தை வளர்ப்புக்காகவோ வேலையை விட்ட பெண்கள், சில ஆண்டுகளுக்குப் பின் வீட்டிலிருந்தபடியே சொந்தப் பொறுப்பில் தொழில் தொடங்குவதே இன்றைய உரையின் பொருள். இது பரந்த பொருள். தையல், கணக்கு எழுதுதல், மொழிபெயர்ப்பு, இணையவழிக் கற்பித்தல் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முறை உண்டு. ஆதலால் தமிழ் கற்றவர்களுக்கு ஏற்ற ஒரே ஒரு தொழிலை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டு, அதன் உள்ளே சென்று பார்ப்பது பயன் தரும். அது நூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கும் தொழில்.

அச்சுக்குப் போகும் முன் நூலின் பக்கங்களைப் படித்து எழுத்துப் பிழை, சந்திப் பிழை, விடுபட்ட வரி, தவறான பக்க எண் ஆகியவற்றைக் களைவதே மெய்ப்புப் பார்த்தல். பதிப்பகங்கள் பல இதற்கென நிலையான ஊழியர்களை வைத்துக்கொள்வதில்லை. நூலுக்கு நூல் வெளியில் கொடுத்து வாங்குகின்றன. ஒரு கணினியும் இணைய இணைப்பும் இருந்தால் வந்தவாசியில் இருந்துகொண்டே சென்னைப் பதிப்பகத்திற்கு வேலை செய்யலாம். இத்தொழிலுக்கு வேண்டிய இலக்கண அறிவு ஆறேழு ஆண்டு இடைவெளியில் அழிந்துவிடுவதில்லை; கருவிகள்தாம் மாறிவிடுகின்றன.

விளக்கத்திற்காக ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். அந்தப் பெண்மணிக்கு வயது 36. திருமணத்திற்கு முன்னும் பின்னுமாக ஆறு ஆண்டுகள் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்த்தவர். மூத்த குழந்தை பிறந்தபோது வேலையை விட்டார். ஏழு ஆண்டுகள் ஓடிவிட்டன. மூத்த மகள் இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். நான்கு வயது மகன் மழலையர் வகுப்பிலிருந்து நண்பகல் பன்னிரண்டரை மணிக்கே வீடு திரும்பிவிடுகிறான். மாமியார் உடன் இருக்கிறார். இந்நிலையில் அவர் மீண்டும் தொழிலுக்கு வர விரும்புகிறார். அவர் முதலில் செய்ய வேண்டியது என்ன?

பலரும் முதலில் வேலை தேடத் தொடங்குகிறார்கள். தெரிந்தவர்களிடம் சொல்லி வைக்கிறார்கள். வந்த முதல் நூலைக் கேட்ட விலைக்கு, கேட்ட நாளில் முடித்துத் தருவதாக ஒப்புக்கொள்கிறார்கள். இடர் அங்கேதான் தொடங்குகிறது. ஏனெனில் ஊதியம், கெடு ஆகிய இரண்டு வாக்குறுதிகளும், வாரத்தில் உண்மையாகக் கிடைக்கும் நேரம், ஒரு மணிக்கு உண்மையாகப் பார்க்க முடிந்த பக்கங்கள் என்னும் இரண்டு அளவுகளைச் சார்ந்தவை. அந்த இரண்டையும் அறியாமல் கொடுத்த வாக்கு நிற்பதில்லை. எனவே வேலை தேடுவதற்கு முந்தைய இரண்டு வாரங்களை அளந்து பார்ப்பதற்கு ஒதுக்க வேண்டும்.

முதலில் நேரத்தை அளக்க வேண்டும். காலை ஒன்பதரை மணி முதல் மகன் வரும் பன்னிரண்டரை மணி வரை மூன்று மணி நேரம் உண்டு. வாரத்திற்கு ஐந்து நாள் என்றால் பதினைந்து மணி நேரம். ஆனால் இது தாளில் உள்ள கணக்கு. ஒரு குறிப்பேட்டை அருகில் வைத்துக்கொண்டு, மேசையில் அமர்ந்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் ஒரு வாரம் எழுதிவந்தால் உண்மை தெரியும். திங்களன்று மின்தடை, புதனன்று மகனுக்குக் காய்ச்சல், வெள்ளியன்று உறவினர் வருகை. கூட்டிப் பார்த்தால் பன்னிரண்டு மணி நேரமே நிற்கிறது. இனி எல்லாக் கணக்கையும் இந்தப் பன்னிரண்டைக் கொண்டே போட வேண்டும்; பதினைந்தைக் கொண்டு அன்று.

அடுத்து வேகத்தை அளக்க வேண்டும். இருநூற்றைம்பது சொற்கள் கொண்டதை ஒரு பக்கம் எனக் கொள்ளலாம். அச்சில் வராத ஒரு கட்டுரைத் தொகுப்பையோ பிழை மலிந்த ஒரு பழைய தட்டச்சுப் படியையோ எடுத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு மணி நேரம் படிக்க வேண்டும். அலுவலகத்தில் மணிக்குப் பத்துப் பக்கம் பார்த்த பெண்மணி, முதல் நாள் ஐந்து பக்கமே பார்க்கிறார். இதில் கலங்க வேண்டியதில்லை. கண்ணுக்குப் பழக்கம் திரும்பப் பத்து நாட்கள் ஆகும். இரண்டாம் வார முடிவில் அவர் மணிக்கு எட்டுப் பக்கத்தில் நிலைபெறுகிறார்.

வேகம் மட்டும் அளவாகாது. தப்பவிட்ட பிழைகளையும் எண்ண வேண்டும். அதற்கு எளிய வழி உண்டு. திருத்திய பத்துப் பக்கங்களை மூடி வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துத் திருத்தாத புதிய படியொன்றை எடுத்து மீண்டும் பார்க்க வேண்டும். பிறகு இரண்டையும் ஒப்பிட்டால் முதல்முறை கண்ணில் படாதவை வெளிப்படும். அப்பெண்மணி தொடக்கத்தில் ஒன்பது பிழைகளை விட்டிருந்தார்; பழகியபின் இரண்டே. ஆனால் குழந்தைகள் உறங்கியபின் இரவு பத்து மணிக்குமேல் பார்த்த பத்துப் பக்கங்களில் ஆறு பிழைகள் தப்பியிருந்தன. அந்த ஓர் எண் அவருக்கு ஒரு விதியைக் கற்பித்தது: மெய்ப்புப் படிப்பது காலையில் மட்டுமே, இரவில் கடிதம் எழுதலாம், கோப்புகளை ஒழுங்குபடுத்தலாம், மெய்ப்பைத் தொடலாகாது. வீட்டிலிருந்து தொழில் செய்வோர் இழந்த நேரத்தை இரவில் ஈடு செய்யலாம் என்று எண்ணுவது இயல்பு. மெய்ப்புப் பணியில் அந்த ஈடு பிழையாகவே திரும்பி வருகிறது. பிழையோடு வெளிவந்த நூல் அவர் கையை விட்டுப் போன பின்னும் அவர் பெயரைக் கெடுக்கிறது.

இனிக் கருவிகள். முன்னர்த் தாளில் சிவப்பு மையால் குறியிட்டவர்கள் இன்று கணினித் திரையில் திருத்துகிறார்கள். தட்டச்சுக் கோப்பாக வந்தால், வேர்டு மென்பொருளில் Track Changes என்னும் வசதியை இயக்கிவிட்டே திருத்தத் தொடங்க வேண்டும். அப்போதுதான் எது நீங்கியது, எது சேர்ந்தது என்பது பதிப்பாசிரியர் கண்ணுக்குத் தெரியும். பக்கம் வடிவமைக்கப்பட்டுப் பி.டி.எப். கோப்பாக வந்தால், அதன்மேல் குறிப்புரை இடும் முறையைப் பழகிக்கொள்ள வேண்டும். தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகையைக் கற்பது நல்லது. 1999ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஏற்ற முறை அது. நாளுக்கு அரை மணி நேரம் வீதம் சில வாரங்கள் பயின்றால் கை பழகிவிடும்.

எழுத்துரு மாற்றத்தால் விளையும் பிழைகளை மட்டும் புதிதாகக் கற்றே தீர வேண்டும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த நூல்கள் மறுபதிப்புக்காக ஒருங்குறிக்கு மாற்றப்படும்போது, சில எழுத்துகள் வேறொன்றாகிவிடுகின்றன. கால் எனப்படும் துணையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ரகர எழுத்து அமர்ந்திருக்கும். ‘ஔவை’ என்னும் சொல்லின் முதலெழுத்து ஒகரமும் ளகரமுமாகப் பிரிந்து ‘ஒளவை’ என நிற்கும். பார்வைக்கு இவை ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால் வாசிக்கும் கண் ஏமாந்துவிடும். ஆனால் கணினியில் அச்சொல்லைத் தேடினால் கிடைக்காது. அகர வரிசையில் சொல்லடைவு தயாரித்தால் அச்சொல் வேறிடத்தில் போய் நிற்கும். இப்பிழைகளைக் கண்டுபிடிக்க வழி எளிது. நூலில் அடிக்கடி வரும் சொற்கள் சிலவற்றைத் தேடுபெட்டியில் தட்டச்சு செய்து தேட வேண்டும். கண்முன் பக்கத்தில் இருக்கும் சொல் தேடலில் அகப்படவில்லை என்றால், அந்தக் கோப்பில் எழுத்து மாறியிருக்கிறது என்று பொருள். அப்போது ஒவ்வொன்றாகத் திருத்துவதைவிட, பிழையான வடிவத்தைத் தேடிச் சரியான வடிவத்தால் மாற்றுவது விரைவு. ஒரேயடியாக மாற்றாமல், ஒவ்வோர் இடத்தையும் பார்த்தே மாற்ற வேண்டும்.

அளவும் கருவியும் அமைந்தபின் வேலை கேட்கலாம். முதல் வாயில், முன்பு உடன் பணியாற்றியவர்களே. அவர்களுக்கு எழுதும் மடல் பத்து வரிக்கு மிகாமல் இருக்கட்டும்: முன்பு எத்தகைய நூல்களைப் பார்த்தார், இப்போது எந்தக் கருவிகளில் பார்க்க வல்லவர், வாரத்திற்கு எத்தனைப் பக்கம் தர இயலும். ஏழாண்டு இடைவெளிக்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை; ‘குழந்தை வளர்ப்புக்காக விலகியிருந்தேன்’ என்னும் ஒரு வரி போதும். திறமைக்குச் சான்றாக ஐந்து பக்கம் மாதிரி பார்த்துத் தருவதாகச் சொல்லலாம். மாதிரி என்ற பெயரில் ஓர் இயல் முழுவதையும் இலவசமாகக் கேட்பவரிடம் அதற்கும் ஊதியம் பேசிக்கொள்வதே முறை.

இப்போது இருநூறு பக்கக் கட்டுரை நூலொன்று வருகிறது. பதிப்பகத்தார் பத்து நாளில் வேண்டும் என்கிறார். பக்கத்திற்குப் பதினைந்து ரூபாய் தருவதாகச் சொல்கிறார். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இங்கே சொல்லும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காகக் கொண்டவையே. சந்தை விலை அல்ல.

முதல் மெய்ப்பு, மணிக்கு எட்டுப் பக்கம் வீதம் 25 மணி நேரம். திருத்தங்கள் ஏறி வந்தபின் பார்க்கும் இரண்டாம் மெய்ப்பு, மணிக்கு இருபது பக்கம் வீதம் 10 மணி நேரம். ஐயங்களைக் கேட்டு எழுதுவதற்கும் தொலைபேசிக்கும் 3 மணி நேரம். ஆக மொத்தம் 38 மணி நேரம். பக்கத்திற்குப் பதினைந்து ரூபாய் என்றால் 3,000 ரூபாய்; மணிக்கு 79 ரூபாய்தான் விழுகிறது. மணிக்கு 150 ரூபாயாவது வேண்டும் என்று அப்பெண்மணி கருதினால், 38 மணி நேரத்திற்கு 5,700 ரூபாய் ஆகிறது. பக்கத்திற்கு 28 ரூபாய் 50 காசு. முழுமையாக்கி 30 ரூபாய் என்று சொல்லலாம். பலர் இரண்டாம் மெய்ப்பையும் கடிதப் போக்குவரத்தையும் கணக்கில் சேர்க்காமல், முதல் மெய்ப்பை மட்டும் எண்ணி விலை சொல்லிவிடுகிறார்கள். இந்த எடுத்துக்காட்டில் அவ்வாறு விடுபடுவது பதின்மூன்று மணி நேரம். அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

கெடுவும் அதே கணக்கிலிருந்து பிறக்கிறது. வாரத்திற்குப் பன்னிரண்டு மணி நேரம் உள்ளவரால் முதல் மெய்ப்பின் 25 மணி நேரத்தைப் பத்து நாளில் தர இயலாது. எனவே பக்கங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று வாரத்தில் முதல் மெய்ப்பு. திருத்திய பக்கங்கள் வந்த நாளிலிருந்து ஒரு வாரத்தில் இரண்டாம் மெய்ப்பு என்று சொல்ல வேண்டும். இடையில் பதிப்பகத்தார் திருத்தம் ஏற்ற எடுத்துக்கொள்ளும் நாட்கள் இதில் சேரா. அவருக்கு அது ஒத்துவரவில்லை என்றால், நூலின் பாதியை மட்டும் கேட்டுப் பெறலாம். அதுவும் இயலாவிட்டால் அந்த நூலை விட்டுவிடலாம். மறுத்த நூலால் ஒரு மாத வருவாய் போகும். தவறிய கெடுவால் அந்தப் பதிப்பகமே போகும்.

ஒப்புக்கொண்டவற்றைப் பேச்சோடு விடாமல் மின்னஞ்சலில் எழுதி, ‘சம்மதம்’ என்னும் மறுமொழியைப் பெற்றுக்கொள்வது இன்றியமையாதது. அதில் ஐந்து செய்திகள் இருந்தால் போதும்: செய்யும் பணி மெய்ப்பு மட்டுமே, இரண்டு முறை பார்க்கப்படும், ஒரு பக்கம் என்பது இருநூற்றைம்பது சொற்கள், தொகை 6,000 ரூபாய், பாதி முன்பணம், மீதி இரண்டாம் மெய்ப்பை ஒப்படைக்கும்போது. கடைசிச் செய்தியில் கவனம் வேண்டும். ‘நூல் வெளியானபின் தருகிறோம்’ என்பது வழக்கமான பேச்சு. நூல் வெளியாவது மெய்ப்புப் பார்ப்பவர் கையில் இல்லை. ஆசிரியர் நோயுற்றால், தாள் விலை ஏறினால், வெளியீடு ஆறு மாதம் தள்ளிப்போகும். பணி முடிந்த நாளோடு பணத்தைப் பிணைப்பதே நியாயம்.

இவ்வாறு எழுதி வைத்ததன் பயன் நடுவழியில் தெரியும். முதல் மெய்ப்புப் பாதி முடிந்த நிலையில் பதிப்பகத்தார் தொலைபேசியில் அழைக்கிறார்.

“அம்மா, ஆசிரியர் இரண்டு கட்டுரைகளைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார். முப்பது பக்கந்தான். இதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். சில இடங்களில் வாக்கியம் சரியில்லை. அதையும் கொஞ்சம் மாற்றி எழுதிவிட்டால் நல்லது.”

அப்பெண்மணி கோபிக்கவும் இல்லை, குழையவும் இல்லை.

“பார்த்துத் தருகிறேன் ஐயா. முப்பது பக்கத்திற்கு அதே வீதத்தில் 900 ரூபாய் ஆகும். கெடுவும் நான்கு நாள் கூடும். வாக்கியத்தை மாற்றி எழுதுவது செம்மையாக்கம். அதில் மணிக்கு மூன்று பக்கத்திற்குமேல் போகாது. அதற்குத் தனியாகப் பேசிக்கொள்ளலாம். இப்போதைக்கு அந்த இடங்களில் குறிப்பு மட்டும் எழுதி வைக்கட்டுமா?”

மெய்ப்பு, செம்மையாக்கம் ஆகிய இரண்டின் எல்லை கலைவதுதான் இத்தொழிலில் உழைப்பு வீணாகும் பெருவழி. எழுத்தைத் திருத்துவது மெய்ப்பு. எழுதியவர் கருத்து விளங்குமாறு வாக்கியத்தை அமைப்பது செம்மையாக்கம். பின்னதைச் செய்ய முன்னதைவிட இரண்டு மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். பணிவாக, உடனே, தொகையோடு சொல்லிவிட்டால் பெரும்பாலான பதிப்பகத்தார் ஏற்றுக்கொள்வர். முடிந்தபின் கேட்டால் அது மனக்கசப்பில் முடியும்.

கெடு தவறப்போவதை முன்கூட்டியே அறியவும் வழி உண்டு. ஒப்புக்கொண்ட நாட்களில் மூன்றில் ஒரு பங்கு கழிந்த அன்று, மூன்றில் ஒரு பங்குப் பக்கங்கள் முடிந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மூன்று வாரக் கெடுவில் ஏழாம் நாள் அறுபத்தேழு பக்கம் முடிந்திருக்க வேண்டும். நாற்பதுதான் முடிந்தது என்றால், அன்றே பதிப்பகத்தாருக்குத் தெரிவிக்க வேண்டும். இருபதாம் நாள் சொல்வது சாக்காகவே கேட்கும். ஏழாம் நாள் சொன்னால் அச்சகத் தேதியை மாற்றிக்கொள்ள அவருக்கும் வழியிருக்கும்.

இரண்டாம் மெய்ப்பில் முழு நூலையும் மீண்டும் சொல் சொல்லாகப் படிப்பதில்லை. முதல் மெய்ப்பில் இட்ட ஒவ்வொரு திருத்தமும் ஏறியிருக்கிறதா, ஏற்றும்போது பக்கத்துச் சொல் சிதைந்ததா, வரி நகர்ந்து அடுத்த பக்கத்திற்குப் போனதா என்று பார்க்க வேண்டும். திருத்தம் ஏறிய இடத்திலேயே புதுப்பிழை தோன்றுவது மிகுதி. இறுதியாகப் பொருளடக்கத்தின் பக்க எண்களை நூலின் பக்கங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். முப்பது பக்கம் சேர்ந்த நூலில் அவை கட்டாயம் மாறியிருக்கும்.

குடும்பத்தார் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. ‘வீட்டில்தானே இருக்கிறாய்’ என்னும் ஒரு சொல்லால் அந்த மூன்று மணி நேரம் கரைகிறது. வங்கிக்குப் போவதும், எரிவாயு உருளைக்குக் காத்திருப்பதும், வந்த உறவினருக்குத் துணையிருப்பதும் அவர் தலையில் விழுகின்றன. ஒவ்வொன்றும் சிறியதுதான். ஆனால் வாரத்தில் நான்கு மணி நேரம் போனால், பன்னிரண்டில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. நான்கு வாரப் பணி ஆறு வாரமாகும். குறிப்பேட்டில் எழுதிய நேரக் கணக்கைக் கணவரும் மாமியாரும் அறியக் காட்டுவது, வாதத்தைவிடப் பயன் தரும். காலையில் வரும் உருளையை மாமியார் வாங்கி வைப்பதும், வங்கி வேலையைக் கணவர் பார்த்துக்கொள்வதும் உதவி என்பதைவிடப் பங்கு என்பதே பொருந்தும். உறவுமுறையில், “அத்தை, பன்னிரண்டரை வரைக்கும் எனக்கு அலுவலகம்” என்று அன்போடு ஒருமுறை சொல்லிவிட்டால், நாள்தோறும் மனத்தாங்கல் வேண்டியதில்லை.

வருவாயின் எல்லையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாரத்திற்குப் பன்னிரண்டு மணி என்றால் மாதத்திற்கு ஏறத்தாழ ஐம்பது மணி நேரம். மணிக்கு 150 வீதம் 7,500 ரூபாய். அதுவும் எல்லா வாரமும் கையில் நூல் இருந்தால்தான். சென்னைப் புத்தகக் காட்சி சனவரியை ஒட்டி நடைபெறுவதால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலை குவியும். காட்சி முடிந்தபின் குறையும். தீபாவளியும் பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வும் அந்த நெருக்கடியில்தான் வருகின்றன. ஆகவே அந்த மூன்று மாதங்களில் எத்தனை நூல் ஏற்பது என்பதைச் செப்டம்பரிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். வருங்கால வைப்பு நிதியோ ஊதியத்தோடு கூடிய விடுப்போ இதில் இல்லை. குடும்பத்தின் முழுச் செலவையும் இதனை நம்பி நடத்த வேண்டிய நிலையிலுள்ளவர்கள், நிலையான ஊதிய வேலையையே முதலில் நாட வேண்டும்.

பணத்தின் ஒழுங்குக்குச் சில சொற்கள். இப்பணியின் வரவுக்கெனத் தனி வங்கிக் கணக்கு ஒன்று இருப்பது நலம். ஒவ்வொரு பணிக்கும் எண்ணும் தேதியும் இட்ட விலைப்பட்டியல் அனுப்ப வேண்டும். பதிப்பகம் வரி பிடித்தம் செய்து தந்தால், அத்தொகை தம் நிரந்தரக் கணக்கு எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பார்த்து, ஆண்டு முடிவில் கணக்குத் தாக்கல் செய்து, மிகுதியைத் திரும்பப் பெறலாம். தமிழ்நாட்டில் இத்தகைய சேவைக்கு ஆண்டு வரவு 20 இலட்சம் ரூபாயைத் தாண்டாத வரை, பொதுவாகச் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு தேவைப்படுவதில்லை.

எடுத்துக்காட்டில் கண்ட மகன் முழுநாள் பள்ளிக்குப் போகும் ஆண்டில், பன்னிரண்டு மணி நேரம் இருபதாகலாம். அப்போதும் அப்பெண்மணி பழைய எண்களை வைத்துக்கொண்டு வாக்குக் கொடுக்கலாகாது. புதிய குறிப்பேட்டில் மீண்டும் ஒரு வாரம் அளந்து, பிறகே அடுத்த நூலுக்கு நாள் குறிக்க வேண்டும். வேகமும் அதுபோலவே, ஆண்டுக்கு இருமுறை பத்துப் பக்கச் சோதனையைச் செய்து, தப்பிய பிழைகளை எண்ணிப் பார்த்துக்கொள்வது நன்று.